ஓலையை நிறுத்தச் சொன்னவர்களுக்கு



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில் ஒரு திருமண ஓலையை முதன்முறையாக வாசித்தேன். மணமகனுக்கு வயது 52. மனைவியை இழந்து நான்கு ஆண்டுகள் ஆனவர். உதவிபெறும் பள்ளியொன்றில் ஆசிரியர். 24 வயது மகளும் 20 வயது மகனும் அவருக்கு உண்டு. மணமகளுக்கு வயது 36. தனியார் மருத்துவமனையில் செவிலியர், அதுவரை மணமாகாதவர். இருவரின் சம்மதத்தோடும், அவர்களை அடையாளம் காட்டும் செய்திகளை மாற்றியுமே இதை எழுதுகிறேன்.

அன்று மாலையே மூவர் குருமனைக்கு வந்தார்கள். மணமகனின் அக்காள் ஒருவர், மணமகளின் தாய்மாமன் ஒருவர், நம் சபை மூப்பர் ஒருவர். "ஐயா, அடுத்த ஓலையை வாசிக்காதீர்கள்" என்றார்கள். இருவரில் யாருக்காவது உயிரோடிருக்கும் துணை உண்டா என்று கேட்டேன்; இல்லை. விலக்கப்பட்ட உறவுமுறையா? இல்லை. யாராவது வற்புறுத்தப்படுகிறார்களா? இல்லை. அப்படியானால் ஆட்சேபணை என்ன? "பதினாறு வருஷ வித்தியாசம் ஐயா. ஊர் என்ன சொல்லும்?"

ஊர் சொல்வது திருமணத்துக்குச் சட்டத்தடையும் அல்ல, திருச்சபைத் தடையும் அல்ல. ஆகவே இரண்டாம் ஓலையையும் மூன்றாம் ஓலையையும் வாசித்தேன். அவர்கள் மூவருக்கும், அவர்களைப்போல் எண்ணுகிற அநேகருக்கும் சொல்லவேண்டியதை அன்று முழுமையாகச் சொல்ல இயலவில்லை. இன்று சொல்லுகிறேன். அந்த மணமக்களைப்போல் "எங்களுக்குள் அன்பு இருக்கிறது, அது போதும்" என்று சொல்லுகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

முதலாவது, உங்கள் துலாக்கோலைச் சோதியுங்கள். இந்த மூப்பர்தாமே சில ஆண்டுகளுக்கு முன் தம் உறவுப் பெண்ணைத் தன்னைவிடப் பதினான்கு வயது மூத்தவருக்குக் கொடுக்க முன்னின்றார். மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலைபார்த்தார். "பக்குவமானவர், பொறுப்பானவர்" என்றார்கள். வேறொரு குடும்பத்தில் மணமகள் மணமகனைவிட ஒன்பது வயது மூத்தவராக இருந்தபோது, அதே வாய்கள் "தாயும் மகனும்போல் இருக்கிறார்கள்" என்றன. பதினான்கு பொறுப்பாகவும் ஒன்பது கேலியாகவும் ஆகுமானால், நீங்கள் அளந்தது வயதை அல்ல. மாப்பிள்ளையின் சம்பளத்தையும் பெண்ணின் பணிவையும் அளந்தீர்கள். இந்த 52 வயது ஆசிரியரைப் பார்த்து நீங்கள் முகஞ்சுளிப்பதற்குக் காரணம், அவர் தரகர் மூலமாகவோ பெரியவர்கள் மூலமாகவோ வராமல், இருவரும் தாமே பேசி முடிவெடுத்தார்கள் என்பதே.

வேதாகமத்தையும் இதற்குச் சாட்சியாக இழுக்காதீர்கள். யோசேப்பு மிகவும் முதிர்ந்தவர் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். நான்கு சுவிசேஷங்களில் எதுவும் அவருடைய வயதைச் சொல்லவில்லை. போவாசுக்கும் ரூத்துக்கும் இத்தனை ஆண்டு வித்தியாசம் என்று எண்ணிக்கை சொல்லுகிறவர்களும் உண்டு; ரூத்தின் புஸ்தகம் எண்ணிக்கை தருவதில்லை. ஆபிரகாமுக்கும் சாராளுக்கும் இடையே பத்து ஆண்டு என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. அதைக்கொண்டு ஒரு விதியும் ஏற்படுத்தப்படவில்லை. தடுக்கவும் தூண்டவும் அங்கே வசனம் தேடுவது வீண்.

இரண்டாவது, உங்கள் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை என்பதை அறியுங்கள். நம் பாட்டிமார் பலர், மூத்த தாரத்துப் பிள்ளைகளை வளர்ப்பதற்காகச் சிறுமிகளாயிருக்கையிலேயே இரண்டாந்தாரமாகக் கொடுக்கப்பட்டவர்கள். 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு என்று நிறுத்தவே அத்தனை போராட்டம் தேவைப்பட்டது. அந்த நினைவு குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. ஆகையால் மணமகளின் தாயார் என்னிடம் அழுது, "என் மகளை அவர் கலியாணம் செய்யவில்லை ஐயா, கடைசிக் காலத்துக்கு ஒரு நர்ஸை வீட்டில் வைத்துக்கொள்ளுகிறார்" என்று சொன்னபோது நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மணமகனின் மகள், "அம்மாவின் வீட்டை இனி யாரோ ஆளப்போகிறார்கள்" என்று சொன்னபோதும் கடிந்துகொள்ளவில்லை. இவை ஊர்ப்பேச்சு அல்ல. பதில் சொல்லத்தக்க கேள்விகள். உங்கள் குற்றம் பயந்தது அல்ல. பயத்தைக் கேள்வியாக்கி மேசையின்மேல் வைக்காமல், ஓலையை நிறுத்தும்படி குருமனை வாசலுக்கு வந்ததே குற்றம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில், பத்தொன்பது வயது வித்தியாசமுள்ள இருவருக்கு நான் திருமணம் நடத்திவைத்தேன். அன்பைப்பற்றி அருமையாய்ப் பிரசங்கித்தேன். விருந்துண்டு வீடு திரும்பினேன். அந்தக் கணவர் நல்லவர். திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பே, தம் வீடு தாம் மணக்கப்போகும் பெண்ணுக்கே சேரும் என்று உயில் எழுதி, பெட்டியில் பத்திரமாய் வைத்திருந்தார். பதினோராம் ஆண்டில் அவர் இறந்தார். உயிலை எடுத்துச் சென்றபோது வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 69-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு: ஒருவர் மணம்புரிந்தவுடன், அதற்குமுன் அவர் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். நான் ஆசீர்வாதம் கூறிய அந்த நிமிஷத்திலேயே அந்த உயில் வெறுங்காகிதமாயிற்று. உயில் இல்லாவிட்டால் சட்டம் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கையும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கையும் தருகிறது. பங்கிடுவதற்காக வீடு விற்கப்பட்டது. அந்தச் சகோதரி தம் அண்ணன் வீட்டின் பின்னறைக்குப் போனார். யாரும் அவரை வஞ்சிக்கவில்லை. யாரும் அவருக்காகக் கணக்குப் பார்க்கவும் இல்லை, நானும் பார்க்கவில்லை.

இது நம் ஊரின் அறியாமை மட்டுமன்று. சீர்திருத்தத் தந்தை மார்ட்டின் லூத்தர் 1525-இல் காத்தரீனா ஃபொன் போராவை மணந்தபோது அவருக்கு வயது 41, அந்த அம்மையாருக்கு 26. லூத்தர் சட்ட வல்லுநர்களை நம்பாதவர். 1542-இல் தம் கைப்பட உயில் எழுதி, மனைவியையே வாரிசாக ஏற்படுத்தினார். 1546-இல் அவர் இறந்தார். சாக்சனி நாட்டுச் சட்டத்தின் முறைப்படி அந்த உயில் எழுதப்படவில்லை என்று ஆட்சேபணை எழுந்தது. அரசர் தலையிட்டே அதற்கு மதிப்பு வந்தது. பிள்ளைகளுக்குக் காப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அடுத்து வந்த போரில் நிலங்கள் பாழாயின. கடைசி மகளுக்குப் பதினொரு வயதிருக்கையில் விதவையான அந்தத் தாய், ஆறாண்டுகள் வறுமையோடு போராடி, 1552-இல் கொள்ளைநோய்க்குத் தப்பியோடும் வழியில் வண்டி விபத்தில் அடிபட்டு, அதனாலேயே இறந்தார். லூத்தர் தம் மனைவியை நேசித்ததில் யாருக்கும் ஐயமில்லை. அந்த நேசம் சரியான முறையில் காகிதத்தில் இறங்கவில்லை.

ஆகையால் இப்பொழுது ஓலை கொண்டுவருகிறவர்களிடத்தில் வயது வித்தியாசம் பெரிதாயிருந்தால், நான் ஒரு தாளை எடுத்துக் கோடுபோட்டு இருவருடைய வயதையும் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லுகிறேன். இந்த ஆசிரியரும் செவிலியரும் எழுதியது இது. இன்று 52, 36. அவர் 60 வயதில் ஓய்வுபெறும்போது அவருக்கு 44. கணவர் சொந்தக் கிராமத்துக்குத் திரும்ப நினைக்கிற ஆண்டில், மனைவி தம் வேலையின் உச்சத்தில் இருப்பார். "நீங்கள் கிராமத்துக்குப் போவீர்களா?" என்று கேட்டேன். அவர் "போவோம்" என்றார். அதே நொடியில் அந்த அம்மாள் "மாட்டேன்" என்றார். இரண்டு வருடமாகப் பேசிப் பழகியவர்கள் இதைப்பற்றி ஒருமுறைகூடப் பேசியிருக்கவில்லை.

அடுத்த வரியில் பிள்ளைப்பேறு. அந்த அம்மாளுக்கு ஒரு குழந்தையாவது வேண்டும் என்ற ஆசை. அவரோ "இரண்டு பேரை வளர்த்துவிட்டேனே" என்று மெல்லச் சொன்னார். 38 வயதில் குழந்தை பிறந்தால் தகப்பனுக்கு 54. அவர் ஓய்வுபெறும்போது குழந்தைக்கு ஆறு வயது. பிள்ளை பட்டப்படிப்பை முடிக்கும் 21-ஆம் வயதில் தகப்பனுக்கு 75. காலமும் விசாலமாயில்லை. இளம் பெண்கள் ஓராண்டு காத்திருக்கலாம். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்தில் கருத்தரிக்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்பது பொதுவான மருத்துவ ஆலோசனை. ஆகவே "கலியாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளுவது, வேண்டாம் என்று சொல்லும் தைரியமில்லாமல் காலத்தைவிட்டுச் சொல்லவைப்பதாகும். இதை அவரிடம் நேரடியாகவே சொன்னேன். பத்து நாள் கழித்து வந்து, "ஆம், வேண்டும்" என்றார். அவர் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தாலும் அது நேர்மையான பதிலே. அப்போது முடிவெடுக்க வேண்டியவர் அந்த அம்மாள்.

கடைசி வரியை இருவரும் எழுதத் தயங்கினார்கள். கணவர் 80 வயதுவரை வாழ்ந்தால், அப்போது மனைவிக்கு 64. பெண்கள் பொதுவாகச் சில ஆண்டுகள் அதிகமாகவே வாழ்கிறார்கள். அப்படியானால் இருபது ஆண்டு விதவைக் காலம் வரலாம். அதற்குமுன் சில ஆண்டு நோய்ப்படுக்கைப் பணிவிடையும் இருக்கலாம். மணமகளின் தாயார் பயந்தது இதற்காகத்தான். அந்தப் பயம் சரியானது. அதற்கு விடை திருமணத்தை நிறுத்துவதல்ல. அந்த இருபது ஆண்டுக்கும் இன்றே கூரையும் சோறும் ஏற்படுத்துவது.

கூரையைப்பற்றிப் பேசியபோதுதான் ஒருவரும் எதிர்பாராத ஒன்று வெளிவந்தது. "என் வீடு உனக்குத்தான்" என்று ஆசிரியர் மணமகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். மனை அவருடைய முதல் மனைவியின் பேரில் இருந்தது. அந்த அம்மாளின் தகப்பனார் வாங்கிக்கொடுத்தது. அவர் உயில் எழுதாமல் இறந்தபடியால், முன்சொன்ன அதே கணக்கின்படி கணவருக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து இரண்டு பங்கும் நான்காண்டுகளுக்கு முன்பே போய்விட்டன. தமக்கு இல்லாத வீட்டை அவர் நல்ல மனதோடு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த மகளின் கோபத்தைப் பேராசை என்றார்கள் உறவினர். சட்டப்படி அவள் தன் வீட்டைப்பற்றித்தான் பேசினாள். அது அவளுக்கும் தெரியாது.

அந்த மகளையும் மகனையும் அழைத்து நால்வரையும் ஒன்றாக உட்காரவைத்தேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மாள் அந்தப் பெண்ணைப் பார்த்து, "உங்கள் அம்மாவின் சமையலறையில் நின்று சமைக்க எனக்கும் மனம் வராது, அம்மா. வாடகை வீடு போதும்" என்றார். அதன்பின் வேலை எளிதாயிற்று. தகப்பன் அந்த வீட்டில் தமக்குள்ள மூன்றில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுப்பது. அவர் தம் சொந்தப் பேரில் வாங்கிப்போட்டிருக்கும் ஐந்து சென்ட் மனை முழுவதும் புதிய மனைவிக்குச் சேரும்படி உயில் எழுதுவது. அந்த உயிலில், இனி ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு என்ன என்பதையும் எழுதுவது. உயில் மட்டும் திருமணத்துக்குப் பின்பே எழுதப்படவேண்டும் என்று நான் மூன்றுமுறை சொன்னேன்.

சோற்றைப்பற்றி: அவர் 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர். அவருக்குப்பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதன் வழக்கமான விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஆனால் பணிப்பதிவேட்டிலும் வங்கிக் கணக்குகளிலும் இன்னும் இறந்துபோன முதல் மனைவியின் பெயரே இருந்தது. நான்காண்டுகள் அதை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. அதை நான் புரிந்துகொண்டேன். ஆனாலும் திருமணச் சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே அதை மாற்றவேண்டும் என்றேன். மாற்றாவிட்டால், துக்கத்தின் நடுவே ஒரு பெண் தான் மனைவி என்பதை அலுவலகம் அலுவலகமாக நிரூபித்துக்கொண்டு அலையவேண்டும்.

நான் ஓலை வாசிக்க மறுக்கும் தருணமும் உண்டு. ஒருவர் மற்றவரின் மாணவராகவோ கீழே வேலைபார்ப்பவராகவோ இருந்து, "இல்லை" என்று சொல்லும் சுதந்தரம் இல்லாதிருந்தால் மறுப்பேன். மூத்தவர் தம் வயதையோ நோயையோ மறைத்திருந்தால் மறுப்பேன். இளையவரின் சம்பளம் யார் கையில், அவர் தம் தாயோடு தனியே பேசமுடிகிறதா என்று கேட்கும்போது, பதிலை எப்போதும் மூத்தவரே சொன்னால் தயங்குவேன். அதற்காகவே இருவரையும் ஒருமுறை தனித்தனியே சந்திக்கிறேன். இந்த அம்மாள் தனியே வந்தபோது, கிராமத்துக்கு மாட்டேன் என்பதை இன்னும் உரக்கச் சொன்னார். எனக்கு அது போதுமானதாயிருந்தது.

மணமக்களே, கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று எண்ணாதிருங்கள். "தேவன் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி, பத்திரத்தைத் திறந்துபார்க்காதவர் தம் சோம்பலுக்குத் தேவனுடைய பெயரை இடுகிறார். உறவினரே, உங்கள் கேள்விகளை ஊரின் வாயில் போடாதிருங்கள். அந்த இருவரிடத்தில், அவர்கள் முகத்துக்கு முன்பாகக் கேளுங்கள். பதில் வந்தபின் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

திருமணம் ஒரு திங்கட்கிழமை நடந்தது. கிராமத்தைப்பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. எட்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதே வாரம் வியாழக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில் எழுதிப் பதிந்தார்கள். பதிவு கட்டாயமில்லை, பிற்பாடு தகராறு எழாதிருக்கவே அப்படிச் செய்தார்கள். மகளும் உடன் வந்திருந்தாள். சாட்சிக்கு ஆள் குறைந்தபோது, "சித்தி, நான் போடட்டுமா?" என்று பேனாவை எடுத்தாள். வேண்டாம் என்று தடுத்தேன். உயிலில் அவளுக்கும் அவள் தாயின் நகைகள் எழுதப்பட்டிருந்தன. நமக்குரிய சட்டப்படி, சாட்சிக் கையெழுத்திட்டவருக்கும் அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ அந்த உயில் கொடுக்கும் பங்கு செல்லாது. பள்ளியிலிருந்து வந்திருந்த இரண்டு ஆசிரியர்கள் கையெழுத்திட்டார்கள். அவள் சித்தியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக. அடுத்த வாரம் சந்திப்போம்.